செயலி எப்போது திரும்பிப் பார்க்கிறது?

பென் டிரைவிலிருந்து மூன்று, நான்கு ஜி.பி. அளவுள்ள ஒரு படத்தைக் கணினிக்கு மாற்றும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். கோடிக்கணக்கான பைட்டுகள் உள்ளே வந்துகொண்டிருக்கும். செயலியோ பெரும்பாலும் வேலையில்லாமல் இருப்பதாகக் காட்டும். நடுவில் ஒரு விசையைத் தட்டினால் அந்த எழுத்தும் உடனே திரையில் வந்துவிடும். அப்படியானால் படத்தை நகர்த்துவது யார்? விசை தட்டப்பட்டது என்று செயலிக்குச் சொன்னது யார்?

இதற்கான விடையை இன்றைய கணினிக்குள் தேடினால் நடுவே எத்தனையோ அடுக்குகள் வந்து மறைத்துவிடும். 1981-ல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யில் அந்த மறைப்பு இல்லை. 8088 என்ற செயலி, அதைச் சுற்றிச் சில சில்லுகள், அவற்றை இணைக்கும் கம்பிகள், அவ்வளவுதான். வெளியுலகிலிருந்து தகவலை உள்ளே எடுக்க மனிதர்கள் கண்டுபிடித்த மூன்று முறைகளும் அந்தப் பெட்டிக்குள் வெளிப்படையாகத் தெரியும்.

## முதல் முறை: கேட்டுக்கொண்டே இருப்பது

பி.சி.யின் பின்புறம் சீரியல் போர்ட் என்ற இணைப்பு உண்டு. மோடம் அதில்தான் பொருத்தப்படும். பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எட்டு பிட்டுகள் சேர்ந்ததும் 8250 என்ற சில்லு அவற்றை ஓர் எழுத்தாக்கித் தன் பதிவகத்தில், அதாவது ஒரே ஒரு பைட் கொள்ளும் சிறு அறையில், வைக்கும். 'எழுத்து வந்துவிட்டது' என்பதற்கு அடையாளமாக இன்னொரு பதிவகத்தில் ஒரு பிட்டை 1 ஆக்கும். செயலியைக் கூப்பிட்டுச் சொல்லும் வேலை அதோடு சேர்ந்ததல்ல.

செயலி தானே போய்ப் பார்க்க வேண்டும் என்றால் நிரல் இப்படி இருக்கும்:

```
      mov  dx, 3FDh   ; நிலைப் பதிவகம்
paar: in   al, dx
      test al, 1      ; எழுத்து வந்ததா?
      jz   paar       ; இல்லை, மறுபடி பார்
      mov  dx, 3F8h
      in   al, dx     ; எழுத்தை எடு
```

இதுதான் வினவல் (பாலிங்). இதைவிட எளிமையான முறை இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் விலை தெரியும். வினாடிக்கு 9,600 பிட் வேகத்தில், தொடக்க பிட், முடிவு பிட் உட்பட ஓர் எழுத்துக்கு 10 பிட் என்று வைத்தால், வினாடிக்கு 960 எழுத்துகள் வரும். ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிநொடி. அந்தச் செயலியின் கடிகாரம் வினாடிக்கு 47.7 லட்சம் முறை துடித்தது. ஆக ஓர் எழுத்துக்கு 4,970 துடிப்புகள் கிடைக்கின்றன. மேலே உள்ள மூன்று வரிச் சுழற்சி அதற்குள் நூறு முறைக்கு மேல் சுற்றி, 'இல்லை, இல்லை' என்ற பதிலையே வாங்கிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் அவ்வப்போது மட்டும் போய்ப் பார்த்தால் என்ன? ஐந்து மில்லிநொடிக்கு ஒருமுறை பார்த்தால் இடையில் நான்கைந்து எழுத்துகள் வந்திருக்கும். அறையோ ஒன்றுதான். புதியது பழையதை அழித்துவிட்டு உட்காரும். 8250 இதையும் மறைக்காமல் சொல்கிறது: எடுக்கப்படாத எழுத்தின் மேல் அடுத்தது விழுந்தால் அதே நிலைப் பதிவகத்தில் 'ஓவர்ரன்' என்ற பிட் 1 ஆகும். மோடம் வழியாக வந்த கோப்பில் எழுத்துகள் விட்டுப்போயிருந்தால் அனுபவமுள்ள நிரலாளர் முதலில் பார்ப்பது அந்த பிட்டைத்தான். அது 1 என்றால் தொலைபேசிக் கம்பியில் தவறில்லை. செயலி தாமதமாக வந்திருக்கிறது.

## இரண்டாம் முறை: கூப்பிட்டால் வருவது

அடுப்பில் பாலை வைத்தவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்; குக்கரை வைத்தவர் விசில் வரும்வரை வேறு வேலை பார்க்கலாம். அந்த விசிலுக்கு இணையானது குறுக்கீடு (இன்டரப்ட்). சாதனம் ஒரு கம்பியில் மின்னழுத்தத்தை உயர்த்தும். செயலி கையில் உள்ள வேலையை நிறுத்திவிட்டு வந்து கவனிக்கும். பிறகு விட்ட இடத்துக்குத் திரும்பும். சொல்வது எளிது. நின்றுபோன நிரலுக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியக்கூடாது என்பதுதான் இதிலுள்ள சிரமம். அதற்காக நடக்கும் காரியங்களை வரிசையாகப் பின்தொடர்வோம்.

பி.சி.யில் எட்டுக் குறுக்கீட்டுக் கம்பிகள் உண்டு, 0 முதல் 7 வரை. அவை நேராகச் செயலிக்குப் போவதில்லை. 8259 என்ற குறுக்கீட்டுக் கட்டுப்பாட்டுச் சில்லில் வந்து சேர்கின்றன. முதல் சீரியல் போர்ட்டுக்குரியது 4-ஆம் கம்பி. எழுத்து வந்ததும் அந்தக் கம்பி உயர்கிறது. 8259 அதைக் குறித்துக்கொண்டு, 4-ஆம் கம்பி தடுக்கப்பட்டிருக்கிறதா, அதைவிட முக்கியமான வேறொன்று இப்போது நடந்துகொண்டிருக்கிறதா என்று பார்க்கிறது. இரண்டும் இல்லையென்றால் செயலியை அழைக்கிறது.

செயலி நடுவில் அறுத்துக்கொண்டு ஓடி வராது. கையில் உள்ள ஒரு கட்டளையை முடித்துவிட்டுத்தான் பார்க்கும். அப்போதும், குறுக்கீடுகளுக்கு அனுமதி உண்டா என்று தன்னிடமுள்ள ஒரு கொடியைப் பார்க்கும். அனுமதி இருந்தால் 'சரி, யார் அது?' என்பதற்கு இணையான ஒரு சமிக்ஞையை அனுப்பும். 8259 பதிலாக ஓர் எண்ணைத் தரும். நான்காம் கம்பிக்கு அந்த எண் 12. கம்பி எண்ணோடு 8-ஐக் கூட்டிச் சொல்லுமாறு பி.சி.யில் அதை அமைத்திருந்தார்கள்.

அடுத்து, செயலி தன் நிலைக்கொடிகளையும், திரும்பி வர வேண்டிய இடத்தின் முகவரியையும் நினைவகத்தில் உள்ள அடுக்கில் (ஸ்டாக்கில்) வைக்கிறது. இன்னொரு குறுக்கீடு உடனே நுழையாதபடி அனுமதிக் கொடியை இறக்குகிறது. நினைவகத்தின் தொடக்கத்தில் ஒரு முகவரிப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு முகவரிக்கும் 4 பைட். 12-ஐ 4-ஆல் பெருக்கினால் 48. அந்த இடத்தில் எந்த முகவரி எழுதியிருக்கிறதோ அங்கே தாவுகிறது. இதுவரை நடந்தது முழுவதும் வன்பொருளின் வேலை.

இனி மென்பொருள். தாவிச் சென்ற இடத்தில் இருப்பதைக் கையாளி என்போம்:

```
push ax
push bx
push dx
push ds
; பஃபரின் முகவரியை ds, bx-ல் ஏற்று
mov  dx, 3F8h
in   al, dx      ; எழுத்தை எடு
mov  [bx], al    ; பஃபரில் வை
; பஃபரின் குறியை ஒன்று நகர்த்து
mov  al, 20h
out  20h, al     ; 8259-க்கு 'முடிந்தது'
pop  ds
pop  dx
pop  bx
pop  ax
iret
```

முதல் நான்கு வரிகள், தான் தொடப்போகும் பதிவகங்களில் ஏற்கெனவே இருந்த மதிப்புகளைப் பத்திரப்படுத்துகின்றன. கடைசியில் அவை எதிர் வரிசையில் மீட்கப்படுகின்றன. இதில் ஒன்றை மறந்தால் வரும் பிழையைப் பிடிப்பது மிகக் கடினம். நின்றுபோன நிரல், தன் கணக்கின் நடுவே, தான் வைக்காத ஓர் எண்ணோடு தொடரும். குறுக்கீடு எந்த வரியில் வந்து விழும் என்று சொல்ல முடியாது என்பதால் பிழையும் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் தலைகாட்டும். நிரலை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் கண்ணில் படாது.

கடைசிக் கட்டளையான `iret` அடுக்கிலிருந்து முகவரியையும் கொடிகளையும் எடுத்துப் பழைய நிரலுக்குத் திரும்புகிறது. அனுமதிக் கொடியும் அந்தக் கொடிகளோடு பழைய நிலைக்கு வந்துவிடும்.

## யாருக்கு முன்னுரிமை?

ஒரே நேரத்தில் இரண்டு கம்பிகள் உயர்ந்தால்? 8259 சிறிய எண்ணுக்கு முன்னுரிமை தருகிறது. 0-ஆம் கம்பி கடிகாரத்துக்கு. அது வினாடிக்கு ஏறத்தாழ 18 முறை வரும். 1 விசைப்பலகைக்கு. 4 முதல் சீரியல் போர்ட், 6 நெகிழ்வட்டு (ஃப்ளாப்பி), 7 அச்சுப்பொறி.

ஒரு கையாளி ஓடும்போது 8259 அதன் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்குச் சமமான அல்லது கீழான எதையும் செயலியிடம் விடுவதில்லை. மேலானவற்றை மட்டும் விடும். செயலி அனுமதிக் கொடியை மறுபடி உயர்த்தியிருந்தால், அந்த மேலான குறுக்கீடு ஓடிக்கொண்டிருக்கும் கையாளியையே குறுக்கிடும். 'முடிந்தது' என்று 20h-ஐ அனுப்பும்வரை இந்தக் காவல் நீடிக்கும்.

அந்த ஒரு வரியை எழுத மறந்தால் என்ன ஆகும் என்பதிலிருந்து முன்னுரிமையை நன்றாகப் புரிந்துகொள்ளலாம். மோடத்திலிருந்து ஓர் எழுத்து வரும். அதன்பின் ஒன்றும் வராது. விசைப்பலகை வேலை செய்யும், கடிகாரம் ஓடும், ஏனென்றால் அவை 4-க்கு மேலே இருக்கின்றன. நெகிழ்வட்டைப் படிக்கச் சொன்னால் மட்டும் பிழை என்று திரும்பும், ஏனென்றால் 6 கீழே இருக்கிறது. அதன் சமிக்ஞை 8259-இன் வாசலிலேயே நிற்கிறது. எது உயிரோடு இருக்கிறது, எது செத்துக் கிடக்கிறது என்று பார்த்தாலே எந்தக் கையாளியில் அந்த வரி விடுபட்டது என்று சொல்லிவிடலாம்.

இந்த வரிசையே சரியானதா? எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. எது முக்கியம் என்று பார்த்து முன்னுரிமை தருவதைவிட, எது சீக்கிரம் கெட்டுப்போகும் என்று பார்த்துத் தருவது நல்லது. வேகமாகத் தட்டச்சு செய்பவரின் இரண்டு எழுத்துகளுக்கு இடையே நூறு மில்லிநொடி இருக்கும். சீரியல் எழுத்துக்கோ ஒரு மில்லிநொடிதான் ஆயுள். ஆனாலும் விசைப்பலகை மேலே இருக்கிறது. 8259-இன் வரிசையைச் சுழற்றி 4-ஐ உச்சியில் வைக்கவும் வழி உண்டு. 1990-களில் லினக்ஸ் பயனர்கள் மோடம் எழுத்துகளை இழக்காமலிருக்க `irqtune` என்ற சிறு கருவியால் அதைத்தான் செய்தார்கள்.

## குறுக்கீடு தோற்கும் இடம்

நம் கையாளி, உள்ளே போய் வெளியே வர, மொத்தம் 350 துடிப்புகள் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 960 எழுத்து என்றால் 3,36,000 துடிப்புகள். செயலியின் நேரத்தில் 7 சதவீதம். மீதி 93 சதவீதம் வேறு வேலைகளுக்கு. வினவலில் முழு நேரமும் போனதை நினைத்தால் இது பெரிய மிச்சம்.

அதே போர்ட்டை அதன் உச்ச வேகமான 1,15,200 பிட்டில் ஓட்டினால் வினாடிக்கு 11,520 எழுத்துகள். கையாளியே 85 சதவீதத்தைத் தின்றுவிடும். ஓர் எழுத்துக்குக் கிடைப்பது 414 துடிப்புகள். நடுவில் விசைப்பலகைக் கையாளி நுழைந்துவிட்டால் ஓர் எழுத்து நிச்சயம் போகும். பின்னர் வந்த 16550 என்ற சில்லு ஓர் அறைக்குப் பதில் 16 எழுத்துகள் நிற்கும் வரிசையை வைத்து இதைத் தணித்தது. பல எழுத்துகளுக்கு ஒரே குறுக்கீடு போதும் என்றானது.

இப்போது நெகிழ்வட்டைப் பாருங்கள். வட்டு சுழன்றுகொண்டே இருக்கும், யாருக்காகவும் நிற்காது. 32 மைக்ரோநொடிக்கு ஒரு பைட் வரும், வினாடிக்கு 31,250. ஒரு பைட்டுக்குக் கிடைப்பது 153 துடிப்புகள் மட்டுமே. 350 துடிப்பு கேட்கும் கையாளியால் இதைச் சமாளிக்கவே முடியாது. பைட்டை எடுக்கும் வேலை சிறியதுதான். போவதற்கும் வருவதற்கும் ஆகும் செலவுதான் தடை.

## மூன்றாம் முறை: செயலியைத் தொடாமல்

இதற்குத்தான் நேரடி நினைவக அணுகல் (டி.எம்.ஏ.). இங்கே 8237 என்ற இன்னொரு சில்லு வருகிறது. அதற்கு எதையும் கூட்டவோ ஒப்பிட்டு முடிவெடுக்கவோ தெரியாது. சொன்ன இடத்திலிருந்து தொடங்கி, சொன்ன எண்ணிக்கை முடியும்வரை, வரும் பைட்டுகளை நினைவகத்தில் அடுத்தடுத்து வைக்கத் தெரியும்.

512 பைட் கொண்ட ஒரு செக்டரைப் படிக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். செயலி 8237-இடம் தொடக்க முகவரியையும் எண்ணிக்கையையும் தருகிறது. பிறகு நெகிழ்வட்டுக் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு 'இந்தத் தடம், இந்தச் செக்டர், படி' என்ற 9 பைட் கட்டளையை அனுப்புகிறது. ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் 'வாங்கத் தயாரா?' என்று நிலைப் பதிவகத்தைப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். அதாவது இந்த இடத்தில் நடப்பது வினவல்.

செக்டர் தலைக்கு அடியில் வந்ததும் பைட்டுகள் வரத் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் நெகிழ்வட்டுச் சில்லு 8237-ஐ அழைக்கும். 8237 நினைவகத்துக்குப் போகும் பொதுக் கம்பித் தொகுதியை, பஸ்ஸை, செயலியிடமிருந்து கேட்டு வாங்கும். பைட் நேராக நினைவகத்துக்குப் போகும். பஸ் திரும்பக் கொடுக்கப்படும். இதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ ஒரு மைக்ரோநொடி, ஐந்து துடிப்புகள். அடுக்கில் எதையும் வைக்கவில்லை, முகவரிப் பட்டியலைப் பார்க்கவில்லை, எந்தக் கட்டளையையும் படிக்கவில்லை. செக்டர் வர 16 மில்லிநொடி ஆகும். அதில் பஸ் செயலியின் கையை விட்டுப் போயிருந்த நேரம் அரை மில்லிநொடியைச் சற்றே தாண்டும்.

512 முடிந்ததும் 6-ஆம் கம்பி உயர்கிறது: ஒரே ஒரு குறுக்கீடு. செயலி வந்து, பிழை ஏதும் உண்டா என்று சொல்லும் 7 பைட் விடையை மறுபடி வினவல் மூலம் வாங்கிக்கொள்கிறது. ஒரு செக்டரைப் படிக்க மூன்று முறைகளும் தேவைப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். நீங்கள் பென் டிரைவிலிருந்து படத்தை மாற்றும்போது செயலி சும்மா இருப்பதும் இதனால்தான், யு.எஸ்.பி. கட்டுப்பாட்டுச் சில்லு பைட்டுகளைத் தானே நினைவகத்தில் கொண்டுபோய் வைக்கிறது.

டி.எம்.ஏ.வுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. 8237-இன் முகவரி எண்ணி 16 பிட் கொண்டது, 64 கே.பி. வரைதான் எண்ணும். அதற்கு மேலுள்ள நான்கு பிட்டுகளை வேறொரு பதிவகம் வைத்திருந்தது. அது தானாக நகராது. ஆகவே 64 கே.பி. எல்லைக்கு 256 பைட் முன்னால் உங்கள் பஃபர் தொடங்கினால், முதல் 256 பைட் சரியான இடத்தில் விழும். அடுத்த 256 அந்த 64 கே.பி. பகுதியின் தொடக்கத்துக்குச் சுற்றிப் போய், அங்கே யார் இருந்தாலும் அவர்கள்மேல் விழும். பி.சி.யின் பயாஸ் இதை முன்கூட்டியே பார்த்து 09h என்ற பிழையைத் திருப்பித் தந்தது. பயாஸைத் தாண்டி நேராக எழுதியவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை. நேற்று ஓடிய நிரல் இன்று, நினைவகத்தில் சற்றுத் தள்ளி ஏற்றப்பட்டதால் மட்டும், தாறுமாறாகும்.

## வினவல் தாழ்ந்ததா?

1983 நவம்பரில் ஐ.பி.எம். பி.சி.ஜூனியர் என்ற விலை குறைந்த கணினியை அறிவித்தது. செயலி அதே 8088; ஆனால் 8237 இல்லை. நெகிழ்வட்டை எப்படிப் படித்தார்கள்? வினவல் மூலம்தான். குறுக்கீட்டால் முடியாததை வினவலால் செய்ய முடிந்தது, ஏனென்றால் போய் வரும் செலவு அதில் இல்லை. 153 துடிப்புகளுக்குள் 'வந்ததா?' என்று பார்த்து எடுத்து வைத்துவிடலாம். விலை வேறு இடத்தில் கொடுக்கப்பட்டது. வட்டு படிக்கப்படும் நேரத்தில் குறுக்கீடுகளை மூடிவைக்க வேண்டியிருந்தது. அந்தச் சமயம் மோடத்தில் 9,600 பிட் வேகத்தில் எழுத்துகள் வந்தால் ஒரு செக்டர் படிக்கும் 16 மில்லிநொடிக்குள் பதினைந்து எழுத்துகள் வரை வந்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அழியும்.

வினவலை முதல் படி என்றும் மற்றவற்றை அதைவிட உயர்ந்த படிகள் என்றும் பாடப்புத்தகங்கள் வரிசைப்படுத்துவது இதனால்தான் எனக்கு ஏற்புடையதல்ல. நிகழ்வு எப்போதாவது வருமானால் குறுக்கீடு சிறந்தது. நிகழ்வுகள் இடைவிடாமல் வருமானால், 'வந்ததா?' என்று பார்க்கும் ஒவ்வொரு முறையும் 'ஆம்' என்றே பதில் வரும். பார்த்தது வீணாவதே இல்லை.

நெட்வொர்க் கார்டுகளில் இது பெரிய அளவில் நடந்தது. வினாடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள கம்பியில் மிகச் சிறிய பாக்கெட்டுகளாக அனுப்பினால் 14.88 லட்சம் பாக்கெட்டுகள் வரும், 672 நானோநொடிக்கு ஒன்று. பாக்கெட்டின் உள்ளடக்கத்தை டி.எம்.ஏ. நினைவகத்தில் வைத்துவிடும், ஆனால் வந்தது என்று சொல்லப் பாக்கெட்டுக்கு ஒரு குறுக்கீடு எழுப்பினால் செயலி கையாளியை விட்டு வெளியே வரவே முடியாது. பாக்கெட்டுகள் வந்துகொண்டிருக்கும், அவற்றைப் பயன்படுத்த வேண்டிய நிரலுக்கு ஓட நேரமே கிடைக்காது. வெளியிலிருந்து பார்த்தால் செயலி 100 சதவீதம் வேலையில் இருக்கும், வேலை எதுவும் நடக்காது. ஜெஃப்ரி மோகலும் கே.கே. ராமகிருஷ்ணனும் 1996-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த நிலையை ஆராய்ந்து, குறுக்கீட்டையும் வினவலையும் கலந்து ஒரு தீர்வைச் சொன்னது.

லினக்ஸில் அதே வழியில் வந்தது நாப்பி என்ற அமைப்பு. முதல் பாக்கெட் வந்ததும் குறுக்கீடு எழும். கையாளி செய்வது ஒன்றே ஒன்று: இனிக் குறுக்கிடாதே என்று கார்டிடம் சொல்லிவிட்டு, இந்தக் கார்டை வினவ வேண்டும் என்று குறித்துவைப்பது. பிறகு கெர்னல் வினவல் மூலம் பாக்கெட்டுகளைத் தொகுதி தொகுதியாக, வழக்கமாக ஒரு முறைக்கு 64 வரை, எடுக்கிறது. வரிசை காலியாகும்வரை குறுக்கீடு கிடையாது. லினக்ஸ் கணினியில் `/proc/interrupts` என்ற கோப்பிலுள்ள குறுக்கீட்டு எண்ணிக்கையைப் பாக்கெட் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது எண்ணாகவே தெரியும். போக்குவரத்து குறைவாக இருக்கும்போது குறுக்கீட்டு எண்ணிக்கையும் பாக்கெட் எண்ணிக்கையும் ஏறத்தாழ சேர்ந்தே ஏறும். வெள்ளமாக வரும்போது பாக்கெட் எண்ணிக்கை பாயும், குறுக்கீட்டு எண்ணிக்கை பின்தங்கிவிடும்.

மிகவும் கவனம் வேண்டிய இடம் வரிசை காலியான பிறகு வருகிறது. கெர்னல் 'இனி ஒன்றும் இல்லை' என்று முடிவெடுத்த கணத்துக்கும் கார்டின் குறுக்கீட்டை மறுபடி திறக்கும் கணத்துக்கும் இடையே ஒரு பாக்கெட் வந்து விழலாம். அதற்கான குறுக்கீடு எழாமலே போய்விட்டால், அடுத்த பாக்கெட் வந்து எழுப்பும்வரை அது நினைவகத்திலேயே கிடக்கும். பயனருக்கு அது காரணம் தெரியாத தாமதமாகத் தெரியும். அதனால் பல டிரைவர்கள் குறுக்கீட்டைத் திறந்த பிறகு வரிசையை இன்னும் ஒரு முறை பார்க்கின்றன. ஏதாவது இருந்தால் குறுக்கீட்டை மூடிவிட்டு வினவலுக்கே திரும்புகின்றன.